நாலாம் நம்பரின் காலுறை

துணி தேய்ப்புக் கடைக்காரருக்குத் தம் கால்களைப் பற்றி வெட்கம் அதிகம். எத்தனை வெயிலடித்தாலும் வீட்டுக்குள்கூட அரைக்கால் சட்டை போட மாட்டார். மைத்துனி வருகிறாள் என்றால் கட்டிலில் உட்கார்ந்தபடியே போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை, மருத்துவக் கல்லூரியின் தேர்வு நாட்களில், இதே மனிதர் ஒரு நீளமான கூடத்தில் உள்ளாடையும் ஒரு துண்டுமாகப் படுத்துக்கொண்டு, வரிசையாக வரும் மாணவர்களிடம் இரண்டு கால்களையும் ஒப்படைத்துவிடுவார். இதில் எது அவருடைய உண்மையான குணம் என்று கேட்டால் இரண்டும்தான்.

தேர்வுக்கு நிஜ நோயாளிகள் வேண்டும். கூடத்தில் கட்டில்கள், கட்டில்களுக்கு நடுவே துணித் தடுப்பு, தலைமாட்டில் எண் எழுதிய அட்டை. மாணவர் வந்து நோயாளியைத் தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டு, என்ன நோய் என்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். நோயாளி தன் நோயின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது என்பது விதி. தேய்ப்புக் கடைக்காரருக்குப் பதினொரு ஆண்டுகளாக நான்காம் எண் கட்டில். ஒருநாள் மருத்துவமனை ஊழியர் ஒருவர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, "நாலாம் நம்பர்! திங்கக்கிழமை பரீட்சை, வந்துடுங்க!" என்று கூவிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தெருவில் அவருக்கு வேறு பெயர் இல்லை.

அந்தக் கால்கள் ஒரே நாளில் அப்படி ஆகிவிடவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் ஒரே மேசை, ஒரே நிற்பு. இடது தொடையின் உட்புறம் தொடங்கிக் கணுக்கால்வரை நீலமும் பச்சையுமாகப் புடைத்து நெளிந்து இறங்கியது ரத்தக் குழாய். ஊரார் துணியின் சுருக்கத்தையெல்லாம் எடுத்தவருக்குத் தம் காலில் இருந்ததை எடுக்க முடியவில்லை. டாக்டர் விளக்கம் சொன்னார்: காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏற வேண்டும், ஏறியது கீழே விழாமல் இருக்க, அந்தக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு, உங்களுக்குத் தொடை இடுக்கில் இருக்கும் பெரிய கதவு மூடாமல் போய்விட்டது, அதனால் ஏறிய ரத்தம் திரும்பச் சரிந்து கீழே தேங்குகிறது. சாயங்காலமானால் கால் கனத்துப்போவதற்கும், கணுக்காலுக்கு மேலே உட்புறத் தோல் பழுப்பாகக் கருத்துப்போனதற்கும் அதுதான் காரணம். பிறகு அந்தப் பழுப்பின் நடுவே ஒரு புண் வந்தது. மேலோட்டமான, அகலமான, சதா கசிகிற புண்.

அதை ஆற்றியவர் கட்டுப்போடும் அறையின் சிஸ்டர். வார்த்தைக்குக் கணக்குப் பார்க்கும் பெண்மணி. முதல் நாள் கட்டுப் போடுவதற்குமுன் அவர் ஒரு காரியம் செய்தார். கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கணுக்காலிலும் சுற்றினார். பாதத்தின்மேல் பேனா போன்ற ஒரு கருவியை வைத்ததும் அது புஸ்... புஸ்... என்று சத்தம் போட்டது. எதையோ எழுதிக்கொண்டு, தலையாட்டிவிட்டு, அதன்பிறகே நான்கு அடுக்காகக் கட்டைச் சுற்றினார்.

"காலுக்குக்கூட பிரஷர் பார்க்கிறாங்கடி. எவ்வளவு மரியாதை பாரு" என்று மனைவியிடம் அன்று பெருமையாகச் சொன்னார் இவர். எதற்காகப் பார்த்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. மரியாதைக்குக் காரணம் கேட்பது நம் வழக்கமில்லை.

வாரா வாரம் கட்டு மாற்றியதில் பதினொன்றாவது வாரம் புண் மூடியது. பிறகு தினமும் காலையில் இறுக்கமான ஒரு காலுறை. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். இவர் அதை ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார்.

"பண்ணிக்க வேண்டியதுதானே?" என்பாள் மனைவி.

"பார்க்கலாம், பார்க்கலாம்."

"காலு சரியாயிட்டா பரீட்சைக்குக் கூப்பிட மாட்டாங்களே, அந்தக் கவலை. பள்ளிக்கூடத்துல எட்டாவதோட நின்ன மனுஷனுக்கு இப்பதான் பரீட்சை ஆசை வந்திருக்கு."

அதில் உண்மை இருந்தது. தேர்வுக் கூடத்தில் இவர் வெறும் நோயாளி இல்லை. பயந்துபோன மாணவர்களைக் கண்டால் இவருக்கு மனசு கேட்காது. விதியை மீறாமலே உதவுகிற வழிகளை நாளடைவில் கண்டுபிடித்திருந்தார். படுக்கவைத்தே பார்த்துக்கொண்டிருக்கிற மாணவரிடம், "எழுந்து நிக்கட்டுமாப்பா? நின்னாத்தானே தெரியும்?" என்பார். தொடை இடுக்கில் கை வைத்துவிட்டு அடுத்தது என்ன என்று விழிப்பவருக்காகச் சொல்லாமலே ஒரு முறை இருமிவிடுவார். இருமினால் அங்கே விரலில் ஓர் அதிர்வு தட்டும். பிறகு, காலை உயர்த்தி ரத்தத்தை வடியவிட்டு, தொடையின் மேற்பகுதியில் பட்டை கட்டி, நிற்க வைத்து, பட்டையை அவிழ்க்கும் சோதனை. அவிழ்த்ததும் மேலிருந்து சரசரவென்று குழாய் நிரம்பினால் மேல் கதவு கெட்டது என்று பொருள். பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மறந்து நிற்பவரிடம், "ரொம்ப இறுக்கமா இருக்குமோ தம்பி?" என்று தாமே தொடையை நீட்டுவார்.

இத்தனையும் கட்டிலில் கிடந்தபடி பதினொரு ஆண்டுகள் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் ஏறும். இவருக்கு நிறையவே ஏறியது. நான்காம் கட்டிலில் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் இவரிடம் பதில் இருந்தது. ஒன்பதாம் கட்டில் கூடத்தின் மறுகோடியில், சன்னலோரம். அங்கே படுப்பவர்களுக்கும் கால்தான் நோய் என்பது இவருக்குத் தெரியும். அங்கே என்ன கேட்டார்கள் என்பது இந்தக் கோடிவரை கேட்காது.

கடைக்கு மாடியில் ஒரு தையற்காரி. படியில் சறுக்கி வலது காலை முறித்துக்கொண்டு, ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தாள். கட்டைப் பிரித்து நான்கைந்து நாளில் கெண்டைக்கால் வீங்கியது. மாவுக்கட்டுப் பிரித்தால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். தேய்த்த ரவிக்கைகளைக் கொடுக்க மாடியேறிய இவர், அவள் கணவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து அந்தக் காலை மாவு பிசைவது போலப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

"கையை எடுங்க!" என்று இவர் போட்ட சத்தத்தில் கிண்ணம் கவிழ்ந்தது.

"ஏன் அண்ணே, என்னாச்சு?" என்றாள் தையற்காரி.

"அந்த டேப்பைக் குடும்மா."

அளவு நாடாவை வாங்கினார். முட்டிக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே புள்ளி வைத்து, இரண்டு கெண்டைக்கால்களையும் சுற்றி அளந்தார். வலது கால் நான்கு சென்டிமீட்டர் கூடுதல். புறங்கையால் தொட்டார், இடதைவிட வலது சூடு. தோல் இறுகிப் பளபளத்தது.

"ஒரு கால் மட்டும் வீக்கம், சூடு, வலி, இத்தனை நாள் அசையாமக் கிடந்த கால். உள்ளே ஆழத்துல இருக்கிற குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கும்மா. பிசைஞ்சா அந்தக் கட்டி பிச்சிக்கிட்டு நுரையீரலுக்கு ஓடிரும். ஆட்டோ கூப்பிடுங்க. நடக்க வேண்டாம்."

"அண்ணே, நீங்க துணி தேய்க்கிறவர்தானே?" என்றார் கணவர், எண்ணெய்க் கையோடு.

"போற வழியில பேசிக்கலாம்."

ஸ்கேனில் உறைவு இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னதை அந்தக் கணவர் தெரு முழுக்கச் சொன்னார். மறுவாரத்திலிருந்து தேய்க்கிற துணியோடு கால்களும் வரத் தொடங்கின. மேசைக்குக் கீழே ஒரு முக்காலி போட்டார் இவர். வந்தவர் காலைத் தூக்கி அதில் வைக்க, தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டுக் குனிந்து பார்ப்பார். பெரும்பாலும் சொன்னது சரியாகவே இருந்தது. தெருவில் பெரும்பாலும் நின்று பிழைக்கிறவர்கள்தான். எல்லாருக்கும் இவருடைய நோய்தான். ஒரே விடையை வைத்துக்கொண்டு ஒருவர் எத்தனை நாள் அறிவாளியாக இருக்கலாம் என்பதற்கு இவர் கண்கூடான சாட்சி.

பிறகு அண்ணன் வந்தார்.

அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். நாற்பது ஆண்டுகளாக ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைப்பவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். தம்பி வீட்டு வாசலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, நாலு வீடு தள்ளி ஒருமுறை நின்று, இரண்டு வீடு தள்ளி மறுபடியும் நின்றார்.

"என்ன அண்ணே, ஒவ்வொரு வீட்டுலயும் விசாரிச்சுக்கிட்டு வர்றீங்க?"

"கெண்டைக்கால் பிடிச்சுக்குதுடா. நின்னா ரெண்டு நிமிஷத்துல விட்ருது. நடந்தா மறுபடி பிடிச்சுக்குது. வயசாச்சுல்ல." உட்கார்ந்து, இடது காலுறையைக் கழற்றினார். "அது கிடக்கட்டும், இதைப் பாரு. நீதான் இப்ப பெரிய டாக்டராமே."

கணுக்காலின் வெளிப்புற எலும்புமேல் ஒரு புண். சின்னதுதான், காகிதத்தில் துளைபோடும் கருவியால் எடுத்தது போல ஓரம் செங்குத்தாக இருந்தது. உள்ளே வெளிறிப்போய், கசிவில்லாமல் காய்ந்திருந்தது. ஆனால் தம்பி பார்த்தது அதை இல்லை. பாதமும் கணுக்காலும் வீங்கிச் சிவந்திருந்ததைப் பார்த்தார். வீக்கம், கணுக்கால், புண். நான்காம் கட்டில்.

"கட்டில்ல படுத்தா வலி உயிர் போகுதுடா. நாற்காலியில காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறேன்."

"தொங்கப் போட்டா வீங்காம என்ன பண்ணும்? காலைத் தூக்கி வைக்கணும் அண்ணே. இதயத்துக்கு மேலே இருக்கணும். அப்பத்தான் வடியும்."

"தூக்கினாத்தானே வலிக்குது?"

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்."

அப்படி இருக்கும் என்று இவருக்கு யாரும் சொன்னதில்லை. இவருக்கும் அப்படி இருந்ததில்லை. தூக்கி வைத்தால் இவர் காலுக்குச் சுகமாகவே இருக்கும். ஆனாலும் அந்த வாக்கியம் இவர் வாயிலிருந்து தங்குதடையில்லாமல் வந்தது. டாக்டர்கள் சொல்கிற அதே நிதானத்தில்.

உள்ளே போய்த் தம் மாற்றுக் காலுறையை எடுத்துவந்தார். துவைத்து மடித்து வைத்தது. அந்த வீட்டில் தேய்க்கப்படாத ஒரே துணி அதுதான். சூடு பட்டால் இழுவை செத்துவிடும். மனைவி பாத்திரம் கழுவின கையைத் துடைத்துக்கொண்டு வந்து, புண்ணைச் சுற்றித் துடைத்துவிட உட்கார்ந்தாள். பாதத்தைப் பிடித்தவள் கையை எடுத்தாள்.

"என்னங்க, இவரு காலு சில்லுனு இருக்கு. அந்தக் காலைத் தொட்டுப் பாருங்க, இவ்வளவு இல்ல."

"ஃபேனுக்கு நேரா உட்கார்ந்திருக்காருல்ல."

"ஃபேன் ரெண்டு காலுக்கும்தானே ஓடுது?"

"நீ பரீட்சை எழுதப் போறியா?" என்றார் இவர். அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்துபோனது.

காலுறையை ஏற்ற இருவரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார். "இறுக்கமா இருந்தாத்தான் வேலை செய்யும்" என்றார் தம்பி. மூன்று தலையணை அடுக்கி அதன்மேல் காலை வைத்தார். கழற்றக் கூடாது என்று சொன்னார். அண்ணன் வாழ்நாளில் யார் சொல்லியும் எதையும் கேட்காத மனிதர். இதை மட்டும் மூன்று நாள் கேட்டார்.

நான்காம் நாள் காலை அவரால் பொறுக்க முடியவில்லை. காலுறையை உருட்டி இறக்கியபோது, முட்டிக்குக் கீழே சுற்றிலும் ஆழமாக ஒரு வரி பதிந்திருந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கரிநீலமாக இருந்தன. தையற்காரி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தவள், நல்ல வார்த்தை சொல்கிற நினைப்பில், "நம்ம கடைக்கார அண்ணன் இருக்காரே, பயமில்ல" என்றாள்.

ஆட்டோவில் ஏறும்வரை இவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்புப் பெட்டிக்குக் கீழே தவறிப்போய்ப் பொசுங்கிய துணி எப்படி இருக்கும் என்று இவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன தண்ணீர் தெளித்தாலும் துணி திரும்பாது.

அறுவைப் பிரிவின் டாக்டர் பாதத்தின்மேல் இரண்டு விரல் வைத்துக் காத்திருந்தார். கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார். முட்டிக்குப் பின்னால், தொடை இடுக்கில். தொடை இடுக்கில் மட்டும் தலையாட்டினார். காலைத் தூக்கிப் பிடித்தார். பாதம் மெழுகு போல வெளுத்தது. கட்டிலிலிருந்து தொங்கவிட்டார், கொஞ்ச நேரத்தில் செம்பருத்தி நிறத்துக்குச் சிவந்தது. தம்பி பார்த்த சிவப்பு அதுதான்.

"காலுக்கு ரத்தம் போகலை" என்றார் டாக்டர். "மேலேயிருந்து கொண்டுவர்ற குழாய் அடைச்சிருக்கு. சிகரெட்டா?"

"ஆமா சார்."

"நடந்தா கெண்டைக்கால் வலி? நின்னா சரியாகும்?"

"ஆமா சார்."

"காலைத் தொங்கப் போட்டாத் தேவலை?"

"ஆமா சார்." அண்ணனுக்கே ஆச்சரியமாக இருந்தது, எல்லாம் முன்னமே தெரிந்தவர் போல டாக்டர் கேட்டது. மூன்றும் தம்பிக்கும் தெரிந்தவைதான்.

டாக்டரின் விரல் முட்டிக்குக் கீழிருந்த வரியில் போய் நின்றது. "இது என்ன?"

தேய்ப்புக் கடைக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். வாய் திறப்பதற்குப் போதிய நேரம் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகும் அந்த நேரத்தை அவர் அளந்து பார்ப்பதுண்டு. ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையைத் தேய்த்து முடிக்கலாம், அவ்வளவு இருந்தது.

"இறுக்கமா ஒரு சாக்ஸ் போட்டிருந்தேன் சார்" என்றார் அண்ணன். "வீக்கம் குறையும்னு நானேதான் வாங்கிப் போட்டேன்."

"ரத்தமே போகாத காலை இறுக்கிக் கட்டினா என்ன ஆகும்? இருக்கிற கொஞ்சமும் நின்னுடும். ஏங்க, உங்களுக்கெல்லாம் யாரு சொல்லிக் குடுக்கிறது?"

டாக்டர் வேறு ஒன்றையும் சொன்னார்: இந்தக் கால் எப்படியும் இங்கே வந்திருக்க வேண்டியதுதான், அந்தச் சாக்ஸ் அதைச் சீக்கிரம் கொண்டுவந்துவிட்டது. ஆறுதலாக எடுத்துக்கொள்ளக்கூடிய வாக்கியம்தான். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார் தேய்ப்புக் கடைக்காரர். பின்பாதியை.

தொடைக் குழாயின் அடைப்பைப் பலூன் வைத்து விரித்தார்கள். ரத்தம் மறுபடி பாதத்துக்கு இறங்கியது. அது வந்துசேர முடியாமல் போன இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது.

கட்டுப்போடும் அறையில், அண்ணன் காலுக்குக் கட்டு மாற்றுவதற்குமுன், அதே சிஸ்டர் அதே பட்டையைக் கணுக்காலில் சுற்றினார். பேனாக் கருவியை வைத்தார். சத்தம் மெலிதாக வந்தது. எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவருக்கு நாலாம் நம்பரின் காலுறையின் அளவு தெரியும், நிறம் தெரியும். அதை எழுதிக் கொடுத்ததே அவர்தான். அண்ணனோடு வந்த பையில் அது சுருண்டு கிடந்தது.

"உங்க காலுக்கும் முதல்ல இதைத்தான் பார்த்தேன்" என்றார். "எதுக்குன்னு நினைச்சீங்க?"

"மரியாதைக்குன்னு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"கையில எவ்வளவு அழுத்தமோ, ஏறக்குறைய அவ்வளவு கணுக்காலிலயும் இருக்கணும். உங்களுக்கு இருந்தது. அதனாலதான் கட்டினேன். இவருக்கு அன்னிக்குப் பாதிகூட இல்ல." கட்டை அவர் இறுக்காமல், தளர்வாகச் சுற்றினார். "நான் உங்களுக்குக் கட்டினதைப் பார்த்தீங்க. கட்டுறதுக்கு முன்னாடி செஞ்சதைப் பார்க்கல."

அவ்வளவுதான் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது இவருக்கு.

கடையில் முக்காலியை எடுத்துவிட்டார். கால் காட்ட வந்தவர்களிடம், "நான் துணி தேய்க்கிறவனுங்க" என்றார். அது அடக்கம் என்று நினைத்துத் தெருவில் மதிப்பு இன்னும் கூடியது. அண்ணனின் காலைப் பற்றிக் கேட்டவர்களுக்குத் தையற்காரியே பதில் சொன்னாள்: "தம்பி மட்டும் பார்த்து ஆட்டோ வைக்கலேன்னா முழுக்காலும் போயிருக்கும்." இவர் பெட்டியை அழுத்தித் தேய்த்தார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஃபேனைப் பற்றி ஒரு சொல், ஒரு குத்தல், எதுவும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுக் குடித்தனத்தில் அவள் வாய்ப்பை வீணாக்கியது அந்த ஒரு முறைதான். அதனால்தான் அது அவ்வளவு உறைத்தது.

இரண்டு மாதம் கழித்துத் தேர்வு வந்தது. இவரைக் கூப்பிட்டார்கள், புண் இன்னும் முழுக்க ஆறாத அண்ணனையும் கூப்பிட்டார்கள். மாணவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும் என்று இந்த முறை பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நான்கு, ஐந்து. நடுவில் ஒரு துணித் தடுப்பு.

"பரவாயில்லடா, ரெண்டு பேரும் ஒரே வகுப்புல பாஸாயிட்டோம்" என்றார் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன்.

இவர் அன்று யாருக்கும் இருமவில்லை. எழுந்து நிற்கட்டுமா என்று கேட்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு ஒரு மாணவி ஐந்தாம் கட்டிலுக்கு வந்தாள். குரல் நடுங்கியது. ஆனால் கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டாள். எத்தனை தூரம் நடந்தால் வலி, இரவில் வலி உண்டா, சிகரெட் எத்தனை. பிறகு, "ஐயா, இந்தக் காலுக்கு இறுக்கமா ஏதாவது கட்டினீங்களா?"

"சாக்ஸ் போட்டேம்மா."

"யாரு சொல்லி?"

"யாரு சொல்லணும்? நானேதான்."

தேர்வாளர் வெளியூர்க்காரர். உற்சாகமான மனிதர். "குறிச்சுக்கோங்க" என்றார் மாணவியிடம். "சொந்த வைத்தியம். ரத்தம் போகாத காலுக்கு இறுக்குற காலுறை. இதைவிட முட்டாள்தனம் ஒரு காலுக்குப் பண்ண முடியாது. இல்லீங்களா பெரியவரே?"

"ஆமா சார். முட்டாள்தனம்தான்" என்றார் அண்ணன், குரலில் வருத்தமே இல்லாமல்.

துணித் தடுப்பு விலகியது. உள்ளாடையும் துண்டுமாக, தொடையில் பட்டை கட்டின தடம் தெரிய, நாலாம் நம்பர் நின்றிருந்தார். மைத்துனி முன்னால் போர்வை தேடுகிற மனிதர்.

"சார், அவர் போடல. நான் போட்டுவிட்டேன். அது என் காலுறை."

"டேய், போய்ப் படுடா" என்றார் அண்ணன்.

"நடந்தா பிடிச்சுக்குது, நின்னா விட்ருதுன்னு சொன்னார். தூக்கினா வலிக்குது, தொங்கப் போட்டாத் தேவலைன்னு சொன்னார். கால் சில்லுனு இருக்குன்னு என் சம்சாரம் சொன்னா. எல்லாம் காதுல விழுந்துச்சு சார். என் காலுக்கு முன்னாடி பிரஷர் பார்த்துட்டுத்தான் கட்டினாங்க; அது எதுக்குன்னு நான் கேக்கல. டாக்டர் கேட்டப்பவும் இவர் பொய் சொன்னார், நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்."

வாசலில் நின்ற சிஸ்டர் தரையைப் பார்த்தார். தேர்வாளர் திட்டுவார், வெளியே போகச் சொல்வார், இனிமேல் வராதே என்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றார் தேய்ப்புக் கடைக்காரர். தேர்வாளர் அவர் காலை ஒரு முறை பார்த்தார், அண்ணன் காலை ஒரு முறை பார்த்தார். முகம் மலர்ந்தது. ஆசிரியர்களுக்கு மற்றவர்களின் வேதனையில் பாடம் தெரிந்துவிட்டால் வேறெதுவும் தெரியாது.

"ரொம்ப நல்லது" என்றார். மாணவியின் பக்கம் திரும்பினார். "இவர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்லுங்க. நீங்க அப்படியே நில்லுங்க ஐயா, ரெண்டு காலும் ஒரே இடத்துல கிடைக்கிறது அபூர்வம்."

இவர் நின்றார். மாணவி சொன்னாள். நடந்தால் தசைக்கு ரத்தம் போதவில்லை, நின்றால் போதுமாகிறது. தூக்கினால் ரத்தம் ஏற முடியவில்லை, தொங்கவிட்டால் புவியீர்ப்பு கொஞ்சம் கொண்டுவருகிறது. அப்படியே வைத்திருந்ததால்தான் வீக்கமும். ரத்தம் குறைவதால் சில்லென்று இருக்கிறது. இவருடைய புண் தழும்பு உட்கணுக்காலுக்கு மேலே, ஓரம் சரிவாக, சுற்றிப் பழுப்பு. அவருடையது வெளிக்கணுக்கால் எலும்பில், ஓரம் செங்குத்தாக, அடி வெளிறி, தோல் முடியில்லாமல் பளபளப்பாக. பாதத்தில் நாடி பார்த்து, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்காமல் எந்தக் காலையும் இறுக்கிக் கட்டக் கூடாது. நடுக்கம் குரலிலிருந்து போய்விட்டிருந்தது. நாலாம் நம்பர் செய்த தப்பு ஒவ்வொன்றும் வரிசையாக, தெளிவாக, மதிப்பெண்ணோடு வெளியே வந்தது. நடுவே ஒருமுறை அவள் நிறுத்தி, அவரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க ஐயா" என்றாள். அதுவரை நிமிர்ந்திருந்த தலை அதற்குத்தான் தாழ்ந்தது.

மத்தியானம் இருவரும் வெளியே வந்தார்கள். வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் தெரியும் தூரம்தான். அண்ணன் புதுச் செருப்பில், விரலில்லாத பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடந்தார்.

"ஏன்டா, ரெண்டு மாசமா ஒரு பொய்யக் கஷ்டப்பட்டுக் காப்பாத்திக்கிட்டு வர்றேன். துண்டைக் கட்டிக்கிட்டு வந்து உடைச்சிட்டியே."

"எதுக்கு அண்ணே அந்தப் பொய்?"

"பின்ன? நீ ஒருத்தன்தான் நம்ம வீட்டுல ஏதோ தெரிஞ்சவன்னு நாலு பேர் சொன்னாங்க. அதையும் கெடுப்பானேன்னு பார்த்தேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ள ஓர் இடம் தம்பியின் மனசில் தயாராக இருந்தது. இதற்கு அங்கே இடம் போதவில்லை.

முன்பு இரண்டு வீட்டுக்கு ஒருமுறை நின்ற அண்ணன், பாதித் தூரம்வரை நிற்காமல் வந்தார். பிறகு நின்றார். கெண்டைக்காலைக் குனிந்து தேய்க்கப் போனவர், தேய்க்காமல் நிமிர்ந்தார். பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பையில் ஒன்றுமில்லை, வெறும் கையை வெளியே எடுத்தார்.

"நீ போடா, பஸ் வருது. ரெண்டு நிமிஷத்துல வர்றேன்."

"நானும் நிக்கிறேன்."

"நின்னா உனக்குக் காலு வீங்கும்டா. நீ நடக்கணும், நான் நிக்கணும். அந்தப் பொண்ணு அவ்வளவு நேரம் சொன்னாளே, கேட்கலையா?"

கேட்டிருந்தார். அதனால், அண்ணன் நிற்கும் இடத்தைச் சுற்றிக் குனிந்த தலையோடு சிறிய வட்டமாக நடக்கத் தொடங்கினார். பஸ் வந்து, நின்று, போயிற்று.